எதிராளிக்கும் ஒரு காரணம் வேண்டும்: குறும்படத் திரைக்கதையில் மோதலை நியாயமாக்குவது எப்படி?

பத்துப் பக்கக் குறும்படம் ஒன்றை எழுத உட்காருகிறோம். நாயகிக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று நாள்கணக்கில் யோசித்திருப்போம். அவளை மறித்து நிற்பவர் விஷயத்தில் அந்தப் பொறுமை வருவதில்லை. கதைக்கு ஒரு தடை தேவை, அதற்கு ஒரு கோபக்காரரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடுகிறோம். படம் முடிந்ததும் பார்த்தவர்கள் "நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ஆளு ஏன் அப்படிப் பண்றாரு?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் மோதல் அங்கேயே பலவீனமாகிவிட்டது என்று பொருள்.

ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அதன் எதிராளிக்கு எப்படி நம்பும்படியான காரணம் கொடுப்பது என்று பார்ப்போம். கதை இதுதான். நிலாவுக்கு 20 வயது, மாடிவீட்டில் இருக்கிறாள். நாளைக் காலை 9 மணிக்கு ஒரு நடனக் குழுவின் தேர்வுக்குப் போக வேண்டும். அவள் ஆடப்போகும் உருப்படியில் எகிறிக் குதித்துத் தாளத்தில் தரையிறங்கும் ஓர் இடம் இருக்கிறது. அது இன்னும் சரியாக வரவில்லை. இரவு முழுக்கப் பயிற்சி செய்தாக வேண்டும். கீழ்வீட்டில் இருப்பவர் மாறன், வயது 45. அவர் கத்துகிறார், கதவை இடிக்கிறார், கடைசியில் மேல்வீட்டு மின்சாரத்தை அணைத்துவிடுகிறார். ஒரே கட்டடம், ஒரே இரவு, இரண்டு பாத்திரங்கள். முதல் வரைவில் மாறன் ஏன் இப்படிச் செய்கிறார்? "அவர் சிடுமூஞ்சி. நடனம் என்றாலே அவருக்கு ஆகாது." அவ்வளவுதான் எழுத்தாளரிடம் இருக்கும் பதில்.

நியாயமான மோதல் என்றால் பார்வையாளர் மாறன் பக்கம் சாய வேண்டும் என்று அர்த்தமில்லை. நிலா ஜெயிக்க வேண்டும் என்றே அவர்கள் விரும்பலாம். ஆனால் மாறனின் இடத்தில் இருந்தால் தாங்களும் ஏறக்குறைய இதையே செய்திருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். கதையை நகர்த்துவதற்காக எழுத்தாளர் அவரைத் தள்ளிவிட்டார் என்று தோன்றக்கூடாது.

குணம் வேறு, நோக்கம் வேறு

சிடுமூஞ்சி என்பது குணம். ஒருவர் எப்படிப் பேசுவார், கதவை எவ்வளவு வேகமாகச் சாத்துவார் என்பதைத்தான் அது தீர்மானிக்கும். இன்றிரவு 11 மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்து மாடி ஏற வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது நோக்கம்.

எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1971-இல் எட்வர்ட் ஜோன்ஸ், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு போக்கைச் சுட்டிக்காட்டினார்கள். நாம் செய்ததற்கு நம் சூழ்நிலையைக் காரணமாகச் சொல்கிறோம், பிறர் செய்ததற்கு அவர்கள் குணத்தைக் காரணமாகச் சொல்கிறோம் என்பது அதன் சாரம். நாம் தாமதமாக வந்தால் வழியில் நெரிசல், அடுத்தவர் தாமதமாக வந்தால் அவர் பொறுப்பில்லாதவர். பிற்கால ஆய்வுகள் இது எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடப்பதில்லை என்று காட்டியிருக்கின்றன. ஆனால் எழுத்து மேசையில் இது அப்படியே நடப்பதைப் பார்க்கலாம். நாயகியை உள்ளிருந்து எழுதுகிறோம், அதனால் அவளுக்குச் சூழ்நிலை கிடைக்கிறது. எதிராளியை வெளியிலிருந்து எழுதுகிறோம், அவருக்குக் குணம்தான் மிஞ்சுகிறது. ஆகவே முதல் வேலை, மாறனுக்கும் ஒரு சூழ்நிலையைக் கொடுப்பது.

அவள் ஜெயித்தால் இவர் எதை இழப்பார்?

இந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: "நிலா கேட்பது இன்றிரவு அவளுக்கு முழுமையாகக் கிடைத்துவிட்டால், நாளைக்குள் மாறன் எதை இழப்பார்?" இதில் "நாளைக்குள்" என்பது முக்கியம். குறும்படத்தில் நமக்கு இருப்பது பத்து நிமிடம். பத்து வருடம் கழித்து வரப்போகும் இழப்பு அதற்குள் உறைக்காது.

முதலில் வரும் பதில், தூக்கம். சரிதான், ஆனால் போதாது. தூக்கம் கெட்டால் யாரும் எரிச்சலடைவார்கள், அதற்காக அடுத்த வீட்டு மின்சாரத்தை அணைக்கமாட்டார்கள். எனவே இன்னும் ஒரு படி இறங்கிக் கேட்க வேண்டும். தூக்கம் போனால் என்ன ஆகும்? அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார், காலை 4 மணிக்கு எழ வேண்டும். இப்போது பதில் கொஞ்சம் கனமாகிறது. ஆனாலும் "ஏன் இன்றைக்கு?" என்ற கேள்வி நிற்கிறது. அவர் பல வருடமாக வேன் ஓட்டுகிறவர், ஓர் இரவு தூங்காமல் சமாளித்திருப்பாரே?

இன்னும் ஒரு படி. நிலா இந்த வாரம் முழுக்க இரவில் பயிற்சி செய்கிறாள். இது நான்காவது இரவு. முதல் இரண்டு இரவும் சரியாகத் தூங்காத மாறன், நேற்றுக் காலை வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு நொடி கண்ணயர்ந்துவிட்டார். வேனுக்குள் 11 பிள்ளைகள். சாலையோரத் தடுப்பில் லேசாக உரசியதில் விழித்துக்கொண்டார். யாருக்கும் அடிபடவில்லை, யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்.

இங்கே நிறுத்திவிடலாம். மூன்று முறை கேட்டோம், ஒவ்வொரு முறையும் இழப்பு கனமானது, இன்றைய இரவுக்கு நெருக்கமாகவும் வந்தது. இதற்குமேல் தோண்டி அவருடைய இளமைக்காலத்துக்குப் போனால் திரும்ப விலகிப்போவோம். "சிறுவயதில் அவர் தம்பி ஒரு விபத்தில் இறந்துபோனான்" என்று எழுதத் தோன்றும். அது வருத்தம் தரும், ஆனால் தம்பிக்கும் நிலாவின் குதிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய சோகம் ஒருவர் எதற்குப் பயப்படுவார் என்பதைச் சொல்லலாம். இன்றிரவு அவரை மாடி ஏற வைப்பது இன்றைய இழப்புதான்.

கிடைத்த பதிலில் இரண்டு நல்ல விஷயங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, இருவரும் ஒரே பொருளுக்காகத்தான் மோதுகிறார்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 4 மணி வரையுள்ள ஆறு மணி நேரம்தான் அந்தப் பொருள். அவளுக்கு அதில் சத்தம் வேண்டும், அவருக்கு அமைதி வேண்டும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. நாயகிக்கு ஒன்று, எதிராளிக்கு வேறொன்று என்று தனித்தனியாக வேண்டியிருந்தால் மோதலை இழுத்துப் பிடிக்க எழுத்தாளர் சிரமப்பட வேண்டியிருக்கும். இங்கே அந்தச் சிரமம் இல்லை. இரண்டாவது, மாறனின் நெருக்கடியை உண்டாக்கியதே நிலாவின் பயிற்சிதான். அது அவளுக்குத் தெரியாது. எதிராளியின் காரணம் நாயகியின் செயலிலிருந்தே பிறந்திருந்தால், அது கதைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதுபோல் இருக்காது. எல்லாக் கதையிலும் இது கிடைக்காது. கிடைக்குமா என்று ஒருமுறை தேடிப்பார்ப்பது நல்லது.

"அப்படின்னா இதைச் சொல்லிடலாமே?"

காரணம் வலுவானதும் புதிய சிக்கல் ஒன்று கிளம்பும், பல திரைக்கதைகள் விழுவது இங்கேதான். மாறனிடம் இவ்வளவு நியாயமான காரணம் இருந்தால், மாடிக்குப் போய் "நேத்து வேன்ல கண்ணசந்துட்டேன்மா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு" என்று சொன்னால் போதுமே? நிலா நல்ல பெண், கேட்டுக்கொள்வாள். இரண்டாம் பக்கத்திலேயே படம் முடிந்துவிடும்.

எதிராளி தன் காரணத்தைச் சொல்லாமல் இருக்கிறார் என்றால், சொல்லாததற்கும் ஒரு காரணம் வேண்டும். மாறனைப் பொறுத்தவரை அது எளிதாகவே கிடைக்கிறது. கண்ணயர்ந்தது பள்ளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். இதை இன்னும் இறுக்கலாம். முதல் வாக்குவாதத்தில் நிலா கோபத்தில் "நீங்க இப்படிக் கத்துறத உங்க ஸ்கூல்லயே சொல்றேன்" என்று ஒரு வார்த்தை விட்டுவிடட்டும். அவளுக்கு அது வெறும் மிரட்டல். மாறனுக்கு அதன்பிறகு வாயைத் திறக்கவே முடியாது. பள்ளியோடு பேசக்கூடியவள் என்று தெரிந்த ஒருத்தியிடம் அவர் எப்படி அந்த ரகசியத்தைச் சொல்வார்?

இதேபோல் பார்வையாளர் மனதில் ஓடும் மற்ற எளிய வழிகளையும் அடைத்துவிட வேண்டும். உட்கார்ந்து, "இந்தச் சண்டையை ஐந்து நிமிடத்தில் தீர்க்க என்ன வழி?" என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மாறன் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். வேறு அறையில் படுக்கலாம். வீட்டுக்காரரிடம் புகார் சொல்லலாம். நிலா காலை மெதுவாக வைத்துப் பயிற்சி செய்யலாம், அல்லது மொட்டைமாடிக்குப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வசனம் தேவையில்லை. வீடு ஒற்றை அறை என்பதை ஒரே ஷாட் காட்டிவிடும். மொட்டைமாடிக் கதவில் பூட்டுத் தொங்குவதை நிலா ஏறிப்போகும்போது பார்க்கலாம். வீட்டுக்காரர் ஃபோனை எடுக்கவில்லை. மெதுவாக ஆடிப் பார்க்கிறாள், ஆனால் அவளுக்குச் சிக்கலே முழு விசையோடு தரையிறங்குவதில்தான், அதை மெதுவாகச் செய்து பழக முடியாது.

காதில் பஞ்சு விஷயம்தான் இதில் மிகப் பயனுள்ளது. மாறன் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு படுக்கட்டும். ஒரு நிமிடம் கழித்து எழுந்து உட்கார்ந்து, பஞ்சை எடுத்துத் தூர வைக்கட்டும். ஏன்? பஞ்சு இருந்தால் காலை 4 மணிக்கு அலாரம் கேட்காது. ஒரு வழியை அடைத்தாயிற்று. அவர் தூங்க எவ்வளவு முயல்கிறார் என்பதும், விடிகாலையில் எழுந்தே ஆக வேண்டும் என்பதும் கூடவே வந்துவிட்டன. ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது?

திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. பத்துப் பக்கத் திரைக்கதையில் மாறனுடைய காரணத்தின் முதல் தடயம் மூன்றாம் பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். ஒன்பதாம் பக்கத்தில்தான் முதல்முறையாக வருகிறது என்றால், அதுவரை எட்டு நிமிடம் பார்வையாளர் அவரைக் காரணமில்லாத முரடராகவே பார்த்திருப்பார்கள். கடைசியில் சொல்லும் காரணம், எழுதியவர் கேட்கும் மன்னிப்பு மாதிரி ஆகிவிடும்.

அதற்காக மூன்றாம் பக்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதில்லை. 1944-இல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். பெரிய முக்கோணம், சிறிய முக்கோணம், சிறிய வட்டம், திறந்து மூடும் ஒரு பெட்டி, இவை அசையும் ஒரு சிறிய படத்தை மாணவிகளுக்குப் போட்டுக் காட்டி, பார்த்ததை எழுதச் சொன்னார்கள். ஏறக்குறைய எல்லோரும் அதை ஒரு கதையாக எழுதினார்கள். பெரிய முக்கோணத்தைச் சண்டைக்காரன் என்றார்கள், மற்ற இரண்டும் பயந்து தப்பிக்கப் பார்க்கின்றன என்றார்கள். வசனமும் இல்லை, முகமும் இல்லை, வெறும் அசைவுதான். அசைவைப் பார்த்தாலே மனிதர்கள் தாமாக நோக்கத்தை ஊகித்துக்கொள்வார்கள். எனவே ஊகிக்கத் தகுந்த இரண்டு மூன்று செயல்களை மட்டும் கொடுத்தால் போதும்.

மூன்றாம் பக்கம் இப்படி இருக்கலாம்:

காட்சி 3. உள்ளே. மாறனின் அறை. இரவு 10:25

தொங்கும் பல்பு லேசாக ஆடுகிறது. மேலே தொம் என்று ஒரு சத்தம். சிறு இடைவெளி. மறுபடியும் தொம்.

மாறன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். ஆணியில் காக்கிச் சட்டை, அதன் பையில் மடித்த தாள். எடுத்துப் பிரிக்கிறார். பிள்ளைகளின் பெயர்கள், ஏறும் இடங்கள். விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே போகிறார். கடைசிப் பெயரில் விரல் நிற்கிறது.

தாளை மடித்து வைக்கிறார். அலாரம் கடிகாரத்தை எடுத்து 4 மணிக்குத் திருகுகிறார். செல்ஃபோனை எடுத்து அதிலும் 4 மணிக்கு அலாரம் வைக்கிறார்.

பஞ்சை உருட்டிக் காதில் வைத்துப் படுக்கிறார். கண் மூடுகிறார். திறக்கிறார். பஞ்சை எடுத்துவிடுகிறார்.

தொம்.

இதில் கண்ணயர்ந்தது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் இரண்டு அலாரம் வைக்கும் மனிதர் எதையோ நினைத்துப் பயப்படுகிறார் என்பது பதிந்துவிடும். பெயர்ப் பட்டியல் அந்தப் பயம் யாரைப் பற்றியது என்று சொல்லிவிடும். அடுத்து ஐந்தாம் பக்கத்தில் நிலா மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும்போது கீழே நிற்கும் வேனின் பக்கவாட்டில் புதிதாக ஒரு கீறல் தெரியட்டும். அவள் அதைப் பொருட்படுத்தமாட்டாள். ஒன்பதாம் பக்கத்தில் மாறன் வாய் திறக்கும்போது அவர் சொல்ல வேண்டியது இரண்டே வரிதான்: "நேத்து ஓட்டிட்டு இருக்கும்போதே ரெண்டு செகண்டு கண்ணு மூடிடுச்சும்மா. பின்னாடி பதினோரு புள்ளைங்க." பஞ்சு, அலாரம், தாள், கீறல் எல்லாம் அந்த இரண்டு வரியில் வந்து சேர்ந்துகொள்ளும்.

எதிராளியின் காரணத்தைச் சொல்லும் வசனம் மூன்று வரியைத் தாண்டினால், முன்பக்கங்களில் செயலாக வந்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நீண்ட வசனத்தில் எந்த வாக்கியத்தைக் கண்ணால் காட்ட முடியும் என்று பார்த்து, அதை முன்னே கொண்டுபோங்கள்.

செயல் காரணத்தின் அளவுக்கு இருக்க வேண்டும்

காரணம் நியாயமாக இருந்தும் செயல் அளவு மீறினால் மோதல் மறுபடி செயற்கையாகிவிடும். மாறன் எடுத்த எடுப்பில் மின்சாரத்தை அணைத்தால், எவ்வளவு பெரிய காரணம் இருந்தாலும் அவர் முரடர்தான். படிப்படியாக ஏற வேண்டும், ஒவ்வொரு படியும் தோற்ற பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

முதலில் அவர் போய்த் தன்மையாகக் கேட்கிறார். நிலா "பத்து மணியோட நிறுத்திக்கறேன் அண்ணா" என்கிறாள். நிறுத்தவும் செய்கிறாள். பத்து இருபதுக்கு மறுபடி தொடங்கிவிடுகிறாள், ஏனென்றால் அந்தக் குதிப்பு வரவில்லை. இந்த ஒரு விஷயம் மோதலுக்குப் பெரிய உதவி செய்கிறது. நாயகி ஒரு வாக்கை மீறியிருக்கிறாள். மீறியதன் காரணம் நமக்குப் புரிகிறது, ஆனாலும் மீறல் மீறல்தான். எதிராளி கோபப்பட இப்போது கையில் பிடிக்கும்படியான ஒன்று கிடைத்துவிட்டது. நாயகி ஒரு தவறும் செய்யாதவளாக இருந்தால் எதிராளி என்ன செய்தாலும் அநியாயமாகவே படும். அவளுக்குப் பிடிக்காத ஒரு செயலை அவள் கையாலேயே செய்யவைக்க எழுத்தாளருக்கு மனம் வர வேண்டும்.

அடுத்து அவர் விட்டத்தில் கம்பால் தட்டுகிறார். பிறகு மேலே போய்ச் சத்தம் போடுகிறார்: "ஏம்மா, பத்தோட முடிச்சுக்கறேன்னு சொன்னியே, இப்ப மணி என்ன?" அங்கேதான் நிலாவின் பள்ளி மிரட்டல் வருகிறது. அவர் அடங்கிப்போய் இறங்கிவிடுகிறார். வீட்டுக்காரருக்கு அடித்துப் பார்க்கிறார், எடுக்கவில்லை. மணி 11:30. மாடிப்படிக்குக் கீழே உள்ள மீட்டர் பெட்டி முன்னால் நிற்கிறார். திறக்கிறார், மூடுகிறார். மேலே தொம். மறுபடி திறந்து மேல்வீட்டு மெயினை அணைக்கிறார். அந்த ஒரு நொடித் தயக்கத்தை எழுதத் தவறாதீர்கள். செய்வது தவறு என்று தெரிந்தே செய்கிறார் என்பது அதில்தான் இருக்கிறது.

இருட்டில் நிலா தரையிறங்கும்போது சறுக்கி விழுகிறாள். முழங்கால் சிராய்த்துவிடுகிறது. மாறன் நினைத்தது அமைதியை மட்டும்தான், வந்தது அதற்கும் மேல். எதிராளியின் செயல் அவர் எண்ணியதைவிட அதிகச் சேதம் செய்யும்போது அவரே மாடி ஏறிவரக் காரணம் கிடைத்துவிடுகிறது. க்ளைமாக்ஸில் இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்த நாம் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

தராசு மறுபக்கம் சாய்ந்தால்

எதிராளிக்குக் காரணம் கொடுக்கக் கற்றுக்கொண்டதும் பலர் அதை அளவுக்கு மீறிக் கொடுத்துவிடுகிறார்கள். மாறனுக்கு வேன் போதாதென்று காய்ச்சலில் கிடக்கும் மகள், இன்னும் இரண்டு நாளில் கட்ட வேண்டிய கடன் என்று சேர்த்துக்கொண்டே போனால், ஆறாம் பக்கத்தில் பார்வையாளர் நிலாவைப் பார்த்து "நிறுத்தித் தொலையேன்" என்று நினைக்கத் தொடங்குவார்கள். அப்போது எதிராளி யார், நாயகி யார் என்பதே மாறிவிடும்.

இதைச் சரிசெய்ய இரண்டு இடத்தில் கைவைக்கலாம். ஒன்று, எதிராளிக்கு ஒரே ஒரு காரணம் மட்டும் என்று வைத்துக்கொள்வது. இரண்டாவது காரணம் சேர்ந்ததுமே முதல் காரணம் மங்குகிறது, எழுத்தாளர் இரக்கம் தேடுகிறார் என்றும் தெரிந்துவிடுகிறது. மற்றது, நாயகியின் இழப்பையும் அதே தாளில் எழுதி எடைபோடுவது. நிலாவுக்கு இந்தத் தேர்வு அடுத்த மாதமும் வரும் என்றால் அவள் தட்டு மேலே போய்விடும். குழுவில் சேர வயது வரம்பு 20, அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு அது தாண்டிவிடும் என்றால் தட்டு கீழே இறங்கும். அவளுக்கும் "நாளைக்குள்" என்ற கெடு இருக்க வேண்டும்.

எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நேரடியான வழி உண்டு. கதையை மாறனின் பக்கத்திலிருந்து ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள். அவர்தான் நாயகன், நிலா தடை. "நான்கு நாளாக மேல்வீட்டுப் பெண் தூங்கவிடவில்லை. அதனால் நேற்று வேனில் கண்ணயர்ந்துவிட்டேன். கேட்டேன், நிறுத்துகிறேன் என்றாள், நிறுத்தவில்லை. வேலைக்கு உலை வைப்பேன் என்று மிரட்டினாள். வேறு வழியில்லாமல் மெயினை அணைத்தேன்." இது தனியாக ஒரு கதையாக நின்றால் காரணம் தேறிவிட்டது. "ஏனென்று தெரியவில்லை, எனக்கு அவளைக் கண்டாலே பிடிக்காது" என்பதுபோல் ஒரு வாக்கியம் நடுவில் தேவைப்பட்டால் அந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது. பிறகு நிலாவின் பக்கத்திலிருந்தும் ஐந்து வாக்கியம் எழுதி, கதை தெரியாத இருவரிடம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தாங்கள் படித்ததுதான் நியாயம் என்று இருவரும் வாதாடினால், திரைக்கதை நல்ல இடத்தில் இருக்கிறது.

மாறனாக நடிப்பவரிடமும் சோதிக்கலாம். ஒவ்வொரு காட்சியிலும் "இந்த நேரத்தில் எனக்கு என்ன வேண்டும்?" என்று நடிகர் கேட்பார். மாறனுக்கு எல்லாக் காட்சியிலும் விடை ஒன்றுதான், 4 மணிக்குமுன் சில மணி நேரத் தூக்கம். "இந்தக் காட்சியில் நிலாவை அழவைக்க வேண்டும்" என்று நீங்கள் பதில் சொல்ல நேர்ந்தால், அது மாறனுடைய தேவை இல்லை, உங்களுடைய தேவை. அந்தக் காட்சியைத் திரும்ப எழுத வேண்டும்.

முடிவில் இருவரும் விலை கொடுக்க வேண்டும்

மாறன் உண்மையைச் சொன்னதும் நிலா கண்கலங்கி மன்னிப்புக் கேட்டு, அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தால், அதுவரை கட்டிய மோதல் வீண். காரணம் வெளிப்பட்டதால் மோதல் கரைந்துவிடுவதில்லை. ஆறு மணி நேரம் இன்னும் ஒருவருக்குத்தான் போதும். மாறுவது ஒன்றுதான், இனி நிலா எதைச் செய்தாலும் தெரிந்தே செய்கிறாள்.

அவள் கையில் இப்போது அவருடைய வேலையே இருக்கிறது, ஒரு ஃபோன் போதும். அதனால் அவள் எடுக்கும் முடிவுக்கு எடை வந்துவிடுகிறது. ஒரு முடிவு இப்படி இருக்கலாம். மணி 11:50. சிராய்த்த முழங்காலோடு அவள் கேட்கிறாள்: "மூணே தடவை. மூணு தடவை முழுசா குதிச்சுப் பாத்துக்கறேன். அப்புறம் சத்தமே வராது." அவர் தலையாட்டிவிட்டு, கீழே இறங்கி மெயினைப் போட்டுவிட்டுப் படியில் உட்காருகிறார். ஓர் இரவு முழுக்கக் கேட்டவளுக்கு மூன்று வாய்ப்புதான், அவருக்கும் தூக்கத்தில் ஒரு பகுதி போய்விட்டது. இருவரும் தங்களுக்கு வேண்டியதிலிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது குதிப்பு சரியாக வந்ததா என்பதைக் காட்டுவதும் காட்டாமல் விடுவதும் இயக்குநரின் விருப்பம். ஆனால் காட்டினால், முதல் இரண்டும் ஏன் தவறின என்பதற்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அதிர்ஷ்டம் வந்து கதையை முடித்துவைத்ததாகிவிடும்.

இருண்ட முடிவும் எழுதலாம். அவள் கதவைச் சாத்திக்கொண்டு விடிய விடிய ஆடலாம், காலையில் தேர்வுக்குப் போகும் வழியில் அந்த வேன் அவளைக் கடந்து போகலாம். அதுவும் நியாயமான கதைதான், ஏனென்றால் அவள் எதை எடைபோட்டு எதை எடுத்தாள் என்பது நமக்குத் தெரியும். நியாயமில்லாமல் போவது வேறு வகை முடிவுகளில். வீட்டுக்காரர் திடீரென்று ஃபோன் எடுத்துத் தீர்ப்புச் சொல்வது, தேர்வு தள்ளிப்போனதாகச் செய்தி வருவது, மாறனுக்கு மறுநாள் விடுமுறை என்று தெரியவருவது போன்றவை அவை. இருவரில் ஒருவரும் தேர்ந்தெடுக்காத ஒன்று வந்து சண்டையை முடித்தால், அதுவரை அவர்களுக்குக் கொடுத்த காரணங்கள் பயன்படாமலே போய்விடும்.